காணாமல் போன பெட்டிக்கு விமான நிறுவனத்திடம் புகார் எழுதுவது எப்படி?

உம்ரா முடித்தும், வளைகுடா நாடுகளில் வேலை பார்த்துவிட்டும் ஊர் திரும்பும் நம் குடும்பங்கள் பலருக்கு நேரும் சங்கடம் இது. விமானம் நல்லபடியாக வந்துவிடும். பெல்ட்டில் எல்லோருடைய பெட்டிகளும் வந்து முடியும். நம் பெட்டி மட்டும் வராது. கவுண்டரில் கேட்டால், "அடுத்த விமானத்தில் வந்துவிடும், போன் செய்கிறோம்" என்பார்கள். நாமும் நம்பி வீட்டுக்கு வந்துவிடுவோம். வாரங்கள் கடந்த பிறகு ஒரு நீளமான புகார் எழுதுவோம். "ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று ஒரு பதில் வரும். அத்துடன் பலர் விட்டுவிடுகிறார்கள்.

விட்டுவிட வேண்டியதில்லை. பெட்டி தொலைந்தால் பணம் கேட்க நமக்கு உரிமை உண்டு. ஆனால் நம் புகார் எதைச் சொல்கிறது, எதைக் கேட்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அந்தப் பணம் கிடைக்கும். ஒரு குடும்பத்துக்கு நேர்ந்ததை முதலிலிருந்து பார்த்தால் இது எளிதில் விளங்கும்.

நடந்தது என்ன?

ஒரு சகோதரர் தம் மனைவியுடனும் தாயாருடனும் உம்ராவுக்குச் சென்றார். 2025 பிப்ரவரி 7 இரவு ஜித்தாவில் மூன்று பெட்டிகளை ஒப்படைத்துவிட்டு, வளைகுடா நகரம் ஒன்றில் விமானம் மாறி, மறுநாள் காலை சென்னையில் இறங்கினார்கள். இரண்டு பெட்டிகள் வந்தன. தாயாரின் பெட்டி வரவில்லை.

நல்ல வேளையாக, அவர் வெளியே வருமுன் ஒரு காரியம் செய்திருந்தார். பெல்ட்டுக்குப் பக்கத்தில் இருந்த லக்கேஜ் கவுண்டரில் பெட்டி வராததைப் பதிவு செய்து, அதன் நகலை வாங்கிக்கொண்டார். இதைத்தான் பி.ஐ.ஆர். என்கிறார்கள். அதில் ஓர் எண் இருக்கும். அந்த எண்ணின் முதல் மூன்று எழுத்துகள் விமான நிலையத்தைக் குறிக்கும். சென்னை என்றால் MAA. அடுத்த இரண்டு எழுத்துகள் விமான நிறுவனத்தைக் குறிக்கும். அதன் பின் ஐந்து இலக்கங்கள் வரும். விமான நிறுவனங்கள் பெட்டியைத் தேடுவது இந்த எண்ணை வைத்துத்தான். இது இல்லாமல் வெளியே வந்துவிட்டால், பெட்டி வரவில்லை என்பதையே பிறகு நாம் நிரூபிக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்றையும் அவர் அங்கேயே கேட்டு வாங்கினார். வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்குச் சுங்க வரியில்லாமல் கொண்டுவர ஒரு வரம்பு உண்டு. பெட்டி பின்னால் வந்து சேரும்போது அந்த வரம்பு நமக்குக் கிடைக்க வேண்டும். அதற்காக விமான நிறுவனத்திடம் ஒரு சான்று வாங்கி, பயன்படுத்தாத வரம்பு எவ்வளவு என்று குறித்து, சுங்க அதிகாரியிடம் கையொப்பம் பெற வேண்டும். பெரும்பாலோர் இதைக் கேட்பதில்லை. பிறகு பெட்டி கிடைத்தும் வரிப் பிரச்சினையில் மாட்டிக்கொள்கிறார்கள்.

பி.ஐ.ஆர். என்பது பணம் கேட்கும் மனு அல்ல

இங்கேதான் நம்மில் பலர் தவறுகிறோம். பி.ஐ.ஆர். போட்டுவிட்டால் புகார் கொடுத்தாகிவிட்டது, மற்றதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று நினைக்கிறோம். அது பெட்டி வரவில்லை என்ற பதிவு மட்டுமே. நமக்கு எவ்வளவு இழப்பு, எவ்வளவு பணம் வேண்டும் என்பதை நாம்தான் தனியாக, எழுத்து மூலம் கேட்க வேண்டும்.

எப்போது கேட்பது? சர்வதேச விமானப் பயணங்களுக்கு 1999-ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் ஒப்பந்தம் பொருந்தும். இந்தியா 2009-இல் இதில் சேர்ந்தது. சவூதி அரேபியாவும் ஐக்கிய அரபு அமீரகமும் இதில் உள்ளன. வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 21 நாட்கள் முடிந்தும் பெட்டி வராவிட்டால், அது தொலைந்துவிட்டதாகக் கொண்டு இழப்பீடு கேட்கலாம் என்கிறது அந்த ஒப்பந்தம். அதற்கு முன்பே விமான நிறுவனம் "தொலைந்துவிட்டது" என்று ஒப்புக்கொண்டால், அன்றே கேட்கலாம்.

ஆகவே இந்த 21-ஆம் நாள் ஓர் எல்லைக்கோடு. அதுவரை நம் கடிதங்கள் "பெட்டியைக் கண்டுபிடித்துக் கொடுங்கள்" என்று கேட்கும். அதன் பிறகு "பெட்டிக்கு உரிய தொகையைக் கொடுங்கள்" என்று கேட்க வேண்டும். இரண்டு மாதம் கழித்தும் "எப்போது கிடைக்கும்?" என்றே கேட்டுக்கொண்டிருந்தால், "தேடிக்கொண்டிருக்கிறோம்" என்ற பதிலே வந்துகொண்டிருக்கும்.

முதல் கடிதம் ஏன் பயன்படவில்லை?

அந்தச் சகோதரர் பிப்ரவரி 20 அன்று ஒரு கடிதம் எழுதினார். ஒன்றரைப் பக்கம். வயதான தாயார் பட்ட மனவேதனை, கவுண்டரில் இருந்தவர் பேசிய விதம், போனை யாரும் எடுக்காதது, இனி இந்த நிறுவனத்தின் விமானத்தில் ஏறமாட்டோம் என்பது எல்லாம் அதில் இருந்தன. எல்லாம் உண்மைதான். ஆனால் பி.ஐ.ஆர். எண் இல்லை. பெட்டியில் ஒட்டிய டேக்கின் எண் இல்லை. கடைசி வரி, "தக்க நடவடிக்கை எடுக்கக் கேட்டுக்கொள்கிறேன்" என்று முடிந்திருந்தது.

அந்தக் கடிதத்தைப் படிக்கும் ஊழியரின் இடத்தில் இருந்து பாருங்கள். அவர் முன்னால் நாள்தோறும் இப்படிப் பல கடிதங்கள் வரும். எந்தப் பெட்டி, எந்த விமானம் என்று தேட அவருக்கு எண் கிடைக்கவில்லை. எவ்வளவு கொடுத்தால் இந்த விஷயம் முடியும் என்றும் தெரியவில்லை. "தக்க நடவடிக்கை" என்றால், வருத்தம் தெரிவிப்பதும் ஒரு நடவடிக்கைதானே! அதைத்தான் செய்தார்.

இரண்டாவது கடிதம்

மார்ச் 1-ஆம் தேதியுடன் 21 நாட்கள் முடிந்தன. மார்ச் 3 அன்று இரண்டாவது கடிதம் மின்னஞ்சலில் சென்றது. விமான நிறுவனங்களுக்கு ஆங்கிலத்தில் எழுதுவதே வழக்கம். வீட்டில் படிக்கும் பிள்ளைகளைக் கொண்டு ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளலாம். தேதிகளும் எண்களும் மாறாமல் பார்த்துக்கொண்டால் போதும். கடிதத்தின் சாரம் இது:

*பொருள்: தொலைந்த பெட்டிக்கு ரூ. 40,960 இழப்பீடு கோருதல். பி.ஐ.ஆர். எண், பெட்டி டேக் எண், பயணச்சீட்டு எண் கீழே உள்ளன.*

*பிப்ரவரி 7, இரவு: ஜித்தாவில் மூன்று பெட்டிகளை ஒப்படைத்தோம். என் பெயரில் உள்ள பெட்டியின் எடை 14 கிலோ.*

*பிப்ரவரி 8, காலை 9.20: சென்னையில் இறங்கினோம். இரண்டு பெட்டிகள் வந்தன. 10.40-க்கு பி.ஐ.ஆர். பதிவு செய்தோம்.*

*பிப்ரவரி 10: பெட்டியின் நிறம், அடையாளம், உள்ளே இருந்த பொருட்கள் ஆகியவற்றை மின்னஞ்சலில் அனுப்பினோம். தேடுவதாகப் பதில் வந்தது.*

*பிப்ரவரி 15: பெட்டி வந்துவிட்டதாக உங்கள் அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் சொன்னார்கள். மறுநாள் என் மகன் வாடகைக் காரில் விமான நிலையம் வந்தார். காட்டிய பெட்டியின் டேக் எண் வேறு. அது எங்களுடையது அல்ல என்று உங்கள் ஊழியர் எழுதிக் கொடுத்த குறிப்பு இணைக்கப்பட்டுள்ளது.*

*பிப்ரவரி 20: புகார் அனுப்பினோம். பொதுவான பதில் வந்தது.*

*மார்ச் 1: பெட்டி வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 21 நாட்கள் முடிந்தன. மாண்ட்ரியல் ஒப்பந்தம் 17-ஆம் பிரிவின்படி பெட்டி தொலைந்ததாகக் கருதி இந்தக் கோரிக்கையை அனுப்புகிறேன்.*

*நான் கேட்பது: இணைத்துள்ள பட்டியலின்படி ரூ. 40,960-ஐ 2025 மார்ச் 17-க்குள் கீழ்க்கண்ட வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டும். அதற்குள் பெட்டி என் வீட்டுக்கு வந்து சேர்ந்தால், தவறான தகவலால் ஏற்பட்ட பயணச் செலவு ரூ. 5,000-ஐ மட்டும் கோருவேன்.*

இவ்வளவுதான் கடிதம். இதில் கோபம் இல்லை. யாரையும் குறை சொல்லும் வரியும் இல்லை. ஆனால் தேதிகளை வரிசையாகப் படிக்கும்போது யார் மீது தவறு என்பது தானாகவே தெரிகிறது. கடைசிப் பகுதியில் தொகை, கெடு நாள், செலுத்த வேண்டிய கணக்கு மூன்றும் இருக்கின்றன. ஊழியர் இதை மேலதிகாரிக்கு அனுப்பி அனுமதி கேட்க முடியும்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கடிதம் மகனுடைய பெயரில் இல்லை, தாயாருடைய பெயரில் இருக்கிறது. டேக் அவர் பெயரில் இருந்ததால் கோரிக்கையும் அவருடையது. எழுதியது மகன், கையொப்பமிட்டவர் தாயார். மகன் தன் பெயரில் எழுதியிருந்தால், "உங்கள் பெட்டி வந்துவிட்டதே" என்று ஒரு சுற்று வீணாகியிருக்கும். நம் வீடுகளில் மூன்று பெட்டிகளையும் வாப்பாவின் பெயரிலேயே போட்டுவிடும் பழக்கம் உண்டு. இழப்பீட்டு வரம்பு ஒரு பயணிக்கு இவ்வளவு என்று இருப்பதால், முடிந்தவரை அவரவர் பெட்டியை அவரவர் பெயரில் போடுவது நல்லது.

ரூ. 40,960 எப்படி வந்தது?

பட்டியல் இப்படி இருந்தது. பெட்டி ரூ. 4,200. தாயாரின் உடைகள் ரூ. 11,500. சவூதியில் வாங்கியவை 570 ரியால். ரியாலுக்கு 23 ரூபாய் வீதம் ரூ. 13,110. மாற்று மூக்குக் கண்ணாடி ரூ. 3,800. மருந்துகள் ரூ. 1,950. சர்க்கரை பார்க்கும் கருவி ரூ. 1,400. இவை சேர்ந்து ரூ. 35,960. பிப்ரவரி 16 அன்று வீணாக விமான நிலையம் சென்று வந்த கார் வாடகை ரூ. 5,000. மொத்தம் ரூ. 40,960.

ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஆதாரம் என்ன என்று எழுதியிருந்தார். ஜித்தா கடைகளின் ரசீதுகள், கண்ணாடிக் கடையின் பில், மருத்துவர் சீட்டு, காருக்குக் கொடுத்த ரசீது. உடைகளுக்கு ரசீது எல்லோரிடமும் இருக்காது. அதற்காகப் பட்டியலில் விட்டுவிட வேண்டாம். எத்தனை சேலை, எந்த ஆண்டு வாங்கியது, அப்போது என்ன விலை, பழசானதற்கு எவ்வளவு கழித்திருக்கிறோம் என்று எழுதலாம். பயணத்தின்போது அந்த உடையில் எடுத்த படம் இருந்தால் அதுவும் உதவும்.

ஒரே பொருளை இரண்டு முறை கேட்கக் கூடாது. ஊர் வந்ததும் தாயாருக்கு மருந்தும் கண்ணாடியும் மறுபடி வாங்கினார்கள். அந்தச் செலவையும் சேர்க்கலாமே என்று வீட்டில் சொன்னார்கள். தொலைந்த மருந்துக்கும் அதற்குப் பதில் வாங்கிய மருந்துக்கும் சேர்த்துக் கேட்டால், அது ஒரே இழப்புக்கு இரட்டைத் தொகை. அப்படி ஒரு வரி இருந்தாலும், பட்டியல் முழுவதையும் நம்பாமல் போய்விடுவார்கள். பெட்டியில் இல்லாத பொருளை எழுதுவதும், விலையைக் கூட்டி எழுதுவதும் பொய் சொல்லிப் பிறர் பணத்தை எடுப்பதுதான் என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 14 கிலோ பெட்டியில் 25 கிலோ சாமான் இருந்ததாக எழுதினால் அவர்களுக்கும் உடனே தெரிந்துவிடும். எடை அவர்களிடம் பதிவாகியிருக்கிறது.

நகை, ரொக்கம், பாஸ்போர்ட், சொத்துப் பத்திரம் இவற்றை ஒப்படைக்கும் பெட்டியில் வைக்கவே வேண்டாம். இவற்றுக்குப் பொறுப்பேற்பதில்லை என்று விமான நிறுவனங்கள் தங்கள் பயண நிபந்தனைகளிலேயே எழுதிவைத்திருக்கின்றன. அன்றாடம் சாப்பிடும் மருந்தையும் கைப்பையில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தத் தாயார் மருந்தைப் பெட்டியில் வைத்ததால் முதல் இரவே சிரமப்பட்டார்.

"கிலோவுக்கு 20 டாலர்" என்ற பதில்

மார்ச் 12 அன்று பதில் வந்தது. பெட்டியின் எடை 14 கிலோ, கிலோவுக்கு 20 டாலர் வீதம் 280 டாலர் தருகிறோம் என்று இருந்தது. ரூபாயில் ஏறத்தாழ 24,000. கூடவே, கையொப்பமிட்டு அனுப்ப ஒரு படிவமும் இருந்தது.

எடைக்கு இவ்வளவு என்று கணக்கிடுவது பழைய வார்சா ஒப்பந்தத்தின் முறை. மாண்ட்ரியல் ஒப்பந்தத்தில் எடைக் கணக்கு இல்லை. ஒரு பயணிக்கு உச்ச வரம்பு இவ்வளவு என்று மட்டுமே இருக்கிறது. 2024 டிசம்பர் 28 முதல் அந்த வரம்பு 1,519 எஸ்.டி.ஆர். என்று உயர்த்தப்பட்டது. எஸ்.டி.ஆர். என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. அதன் மதிப்பு நாளுக்கு நாள் மாறும். அந்த நாட்களின் மதிப்பில் 1,519 எஸ்.டி.ஆர். ஏறத்தாழ 1 லட்சத்து 70 ஆயிரம் ரூபாய்.

இதைத் தவறாகப் புரிந்துகொள்ளவும் கூடாது. பெட்டி தொலைந்த எல்லோருக்கும் அந்தத் தொகை கிடைத்துவிடாது. அது மேல் வரம்பு மட்டுமே. அதற்குள் நாம் காட்டும் உண்மையான இழப்பு எவ்வளவோ அதுதான் கிடைக்கும். பெட்டியில் மிக விலையுயர்ந்த பொருள் இருந்தால், ஒப்படைக்கும்போதே அதன் மதிப்பைத் தனியாக அறிவித்து, கேட்டால் கூடுதல் கட்டணமும் செலுத்த வேண்டும். அப்போதுதான் வரம்புக்கு மேல் கேட்க முடியும்.

சகோதரர் படிவத்தில் கையொப்பம் வாங்கவில்லை. அதில் "இத்துடன் முழுக் கோரிக்கையும் தீர்ந்தது" என்ற வாசகம் இருந்தது. அதில் தாயார் கையொப்பமிட்டிருந்தால் மீதியைக் கேட்க வழியில்லாமல் போயிருக்கும். மறுநாளே நான்கு வரியில் பதில் எழுதினார்: இந்தப் பயணத்துக்கு மாண்ட்ரியல் ஒப்பந்தமே பொருந்தும், அதன் 22-ஆம் பிரிவில் எடைக் கணக்கு இல்லை, என் கோரிக்கை உச்ச வரம்புக்குள் இருக்கிறது, பட்டியலில் எந்த வரியை ஏற்கவில்லை, ஏன் என்று எழுத்தில் தெரிவியுங்கள்.

அந்தக் கடைசி வரிதான் வேலை செய்தது. மார்ச் 24 அன்று வந்த பதிலில், பேரீச்சம்பழம் கெட்டுப்போகும் பொருள் என்பதால் அதற்கான 180 ரியால், அதாவது ரூ. 4,140-ஐ ஏற்கவில்லை என்றும், மீதி ரூ. 36,820-ஐத் தருவதாகவும் எழுதியிருந்தார்கள். குடும்பத்தார் கலந்து பேசி, இதற்கு மேல் அலைய வேண்டாம் என்று ஏற்றுக்கொண்டார்கள். தாயார் கையொப்பமிட்ட பிறகு, ஏப்ரல் 9 அன்று பணம் அவர் கணக்குக்கு வந்தது.

பதிலே வராவிட்டால்?

கெடு நாள் கடந்தும் பதில் இல்லை என்றால், அதே கடிதத்தையே மேலே கொண்டுபோக வேண்டும். விமான நிறுவனத்தின் இணையதளத்தில் நோடல் அதிகாரி, அவருக்கு மேல் மேல்முறையீட்டு அதிகாரி ஆகியோரின் முகவரி இருக்கும். அதன் பின் மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்திலும், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதிவு செய்யலாம். எதிலும் முடியாவிட்டால், மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். சென்னைக்கோ மும்பைக்கோ போக வேண்டியதில்லை. பயணத்துக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் இல்லை.

பயணத்தில் இரண்டு விமான நிறுவனங்கள் இருந்தால், "அவர்களைக் கேளுங்கள்" என்று ஒருவர் மீது ஒருவர் கைகாட்டுவார்கள். முதலில் ஏற்றிய நிறுவனத்தையும் கேட்கலாம், கடைசியில் இறக்கிய நிறுவனத்தையும் கேட்கலாம் என்று ஒப்பந்தமே சொல்கிறது. நடைமுறையில் கடைசி நிறுவனத்திடம் பி.ஐ.ஆர். போட்டு, அங்கேயே தொடங்குவது எளிது.

மறக்கக் கூடாத நாட்கள்

பெட்டி உடைந்து வந்தால், கைக்கு வந்த நாளிலிருந்து 7 நாட்களுக்குள் எழுத்தில் புகார் செய்ய வேண்டும். தாமதமாக வந்தால், கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள். இந்த நாட்கள் தவறினால் பிறகு வழக்கே போட முடியாது. பெட்டி வந்தே சேரவில்லை என்றால், 21 நாட்கள் கழிந்ததும் கோரிக்கையை அனுப்பிவிட வேண்டும். எதுவானாலும் வழக்குக்குக் கடைசி எல்லை, ஊர் வந்து சேர்ந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள்.

அடுத்த முறை பயணம் புறப்படும்போது, பெட்டியை ஒப்படைப்பதற்கு முன் திறந்து ஒரு படமும், மூடி ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். போர்டிங் பாஸில் ஒட்டித் தரும் டேக் துண்டுகளை, வீட்டுக்கு வந்து பெட்டிகளைத் திறந்து பார்க்கும் வரை எறிய வேண்டாம். தொலைபேசியில் யார் என்ன சொன்னாலும், "இன்று நீங்கள் தொலைபேசியில் இப்படிச் சொன்னீர்கள்" என்று அன்றே ஒரு வரி மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். பிறகு புகார் எழுத வேண்டி வந்தால், தேதி வரிசை ஏற்கெனவே தயாராக இருக்கும்.